பத்து வருடம் ஓட வேண்டிய கார்: பெற்றோல் விலையையும் கரண்ட் பில்லையும் வைத்து முடிவெடுப்பது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் முதல் கார் வாங்குகிறவர்கள் இப்போது ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். பெற்றோல் கார் வாங்கினால் நாலைந்து வருடத்தில் பெறுமதி இல்லாமல் போய்விடுமா? மின்சாரக் கார் வாங்கினால் பற்றரி கையைக் கடித்துவிடுமா? இரண்டுக்கும் நடுவில் ஹைபிரிட் எடுத்தால் பாதுகாப்பா?

காரின் பெயரிலிருந்து தொடங்கினால் இதற்கு விடை கிடைக்காது. உங்கள் ஓட்டம், உங்கள் வீட்டு மின் இணைப்பு, நீங்கள் பணம் புரட்டும் விதம் என்ற மூன்றிலிருந்தும் தொடங்க வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கடைசி வரை கூடவே கொண்டுபோகிறோம். களுவாஞ்சிகுடியில் வீடு, மட்டக்களப்பு நகரத்தில் வேலை, வருடத்தில் மூன்று முறை கொழும்புப் பயணம்.

படி 1: முதலில் கிலோமீற்றரை எழுதுங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். போக வர 60. வருடத்தில் 220 வேலைநாள் என்றால் 13,200 கிலோமீற்றர். கோயில், கலியாணவீடு, கல்முனைக் கடைத்தெரு, பிள்ளைகளின் ரியூஷன் எல்லாம் சேர்த்து இன்னொரு 2,300. பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு ஒரு பக்கம் 340 கிலோமீற்றர் அளவில் வரும். மூன்று முறை போய்வந்தால் 2,000. ஆக வருடத்துக்கு 17,500 கிலோமீற்றர், பத்து வருடத்தில் 1,75,000.

இந்தக் கணக்கை மனதில் போடாமல் தாளில் எழுதுங்கள். எல்லோரும் தங்கள் ஓட்டத்தைக் கூட்டியே நினைக்கிறார்கள். ஏறாவூரிலேயே வீடும் கடையும் இருக்கிறவருக்கு வருடம் 6,000 கிலோமீற்றர்கூட வராது. அவருக்கு ஹைபிரிட்டோ மின்சாரக் காரோ எரிபொருள் செலவில் மிச்சம் பிடித்துத் தரப்போவதில்லை. கீழே வரும் ஒவ்வொரு தொகையையும் மூன்றால் பிரித்துப் பார்த்தால் அவருக்கே அது விளங்கும். நல்ல நிலையில் உள்ள ஒரு சின்னப் பெற்றோல் காரே அவருக்குப் போதும்.

படி 2: விலை எங்கே போகும் என்று ஊகிக்காதீர்கள், மூன்று விலையில் சோதியுங்கள்

இலங்கையில் பெற்றோல் விலையை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: உலகச் சந்தை விலை, டொலரின் பெறுமதி, அரசாங்கத்தின் வரி. உலக விலையை மட்டும் செய்தியில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

2021 டிசம்பர் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. ஆறே மாதத்தில் இரண்டரை மடங்குக்கு மேல். அதே காலத்தில் உலகச் சந்தையில் மசகெண்ணெய் ஏறியது ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். டொலரோ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது, அது 1.8 மடங்கு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 2.7 வரும். அந்த ஏற்றத்தில் பெரிய பங்கு எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரவில்லை, எங்கள் ரூபா விழுந்ததிலிருந்து வந்தது. 2024 ஜனவரியில் எரிபொருளுக்கும் 18 வீத வற் வரி வந்தது. 2025இல் விலை 300 ரூபாவைச் சுற்றி நின்றது.

பத்து வருடத்துக்குள் இப்படி ஒரு உலுக்கல் இன்னொரு முறை வரக்கூடும் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கணக்கை 300, 450, 600 என்ற மூன்று விலையிலும் போடுங்கள். நீங்கள் வாசிக்கும் நாளில் விலை வேறாக இருந்தால் அதை முதல் எண்ணாக வைத்து, அதன் ஒன்றரை மடங்கையும் இரண்டு மடங்கையும் அடுத்த இரண்டாக எடுங்கள்.

எங்கள் குடும்பம் சாதாரணப் பெற்றோல் கார் வாங்கினால், ஏசியோடு லீற்றருக்கு 15 கிலோமீற்றர் என்ற கணக்கில் வருடத்துக்கு 1,167 லீற்றர் வேண்டும். 300 ரூபாவில் அது மூன்றரை லட்சம். 450 ரூபாவில் ஐந்தே கால் லட்சம். 600 ரூபாவில் ஏழு லட்சம். அக்வா போன்ற முழு ஹைபிரிட் லீற்றருக்கு 22 கிலோமீற்றர் தந்தால் 795 லீற்றர் போதும். அதே மூன்று விலையிலும் வருடச் செலவு 2.4, 3.6, 4.8 லட்சம்.

இதில் புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் ‘ஹைபிரிட்’ என்று எழுதியிருக்கும் எல்லாக் கார்களும் ஒரே வகை அல்ல. வேகன் ஆர் போன்றவற்றில் இருப்பது சின்ன உதவி மோட்டார். அது எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும், காரைத் தனியே நெடுந்தூரம் இழுக்காது. அந்தக் கார் குறைவாகக் குடிப்பதற்குக் காரணம் அதன் 660 சிசி எஞ்சினும் எடைக் குறைவும்தான். நல்ல கார், ஆனால் ‘ஹைபிரிட்’ என்ற சொல்லுக்காக மேலதிகமாகப் பணம் கொடுக்காதீர்கள்.

விலையைவிடக் கொடிய சோதனை இன்னொன்று உண்டு. 2022இல் காசு வைத்திருந்தவரும் வரிசையில் நின்றார். கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்குத் தொடக்கத்தில் வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. அந்த 20 லீற்றரை வைத்து உங்கள் வாரத்தைச் சோதித்துப் பாருங்கள். களுவாஞ்சிகுடிக் குடும்பத்துக்கு வேலைக்கு மட்டும் வாரம் 300 கிலோமீற்றர். 15 கிலோமீற்றர் தரும் காருக்கு 20 லீற்றரும் அதோடு தீர்ந்துவிடும். இரவில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொட்டும் மிஞ்சாது. 22 கிலோமீற்றர் தரும் காருக்கு வேலை ஓட்டம் போக ஆறு லீற்றருக்கு மேல் மிஞ்சும். அந்த ஆறு லீற்றருக்காகவே ஹைபிரிட்டைத் தெரிவுசெய்வது நியாயமான காரணம் என்பது எங்கள் எண்ணம்.

படி 3: கரண்ட் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்

மின்சாரக் கார் பற்றிய பெரும்பாலான பேச்சு பிழைபோவது இந்தப் படியில்தான். ‘ஒரு யூனிட் இருபது ரூபா, ஒரு யூனிட்டில் ஆறு கிலோமீற்றர்’ என்று விற்பனைக்காரர் சொல்வார். ஆனால் வீட்டுப் பில் படிப்படியாக ஏறும். கார் குடிக்கும் யூனிட் எல்லாம் மேல் படியில் போய் உட்காரும்.

சின்ன மின்சாரக் கார் ஏசியோடு 100 கிலோமீற்றருக்கு 15 யூனிட் அளவு எடுக்கும். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து மீற்றரில் 17 யூனிட் என்று வையுங்கள். கொழும்புப் பயணம் நீங்கலாக எங்கள் குடும்பத்தின் ஓட்டம் 15,500 கிலோமீற்றர். அதற்கு வருடம் 2,635 யூனிட், மாதம் 220 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே மாதம் 150 யூனிட் போகிறது என்றால் பில் 370 யூனிட்டில் நிற்கும். 2025 ஜூன் கட்டண மாற்றத்துக்குப் பிறகு 180 யூனிட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் 60 ரூபாவைச் சுற்றி. கார் எடுக்கும் 220இல் 190 யூனிட் அந்தப் படியில் விழுகிறது.

ஆகவே 220 யூனிட்டையும் அதே 60 ரூபாவில் வைத்தால் வீட்டுச் சார்ஜுக்கு வருடம் 1.58 லட்சம். கொழும்புப் பயணத்துக்கான 340 யூனிட்டை வெளியில் வேக சார்ஜரில் யூனிட் 100 ரூபா என்று எடுத்தால் இன்னொரு 34,000. மொத்தம் 1.92 லட்சம். பெற்றோல் 300 ரூபாவாக இருக்கையில் ஹைபிரிட்டின் செலவு 2.4 லட்சம் என்று பார்த்தோம். வித்தியாசம் வருடத்துக்கு 47,000 ரூபா மட்டும். பத்து வருடத்துக்கும் ஐந்து லட்சம்கூட இல்லை.

இதே காரை வேறு விதமாகச் சார்ஜ் ஏற்றினால் கதை மாறும். மின்சார சபையில் நேர அடிப்படையிலான கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலை, பகலில் நடுத்தரம், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிகக் கூடிய விலை. இரவு யூனிட்டைக் கணக்குக்காக 30 ரூபா என்று வைத்தால் வீட்டுச் சார்ஜ் வருடம் 79,000 ரூபாவுக்கு இறங்கும். மொத்தம் 1.13 லட்சம். ஹைபிரிட்டைவிட வருடம் 1.25 லட்சம் மிச்சம், பத்து வருடத்தில் 12.5 லட்சம். பெற்றோல் காரோடு ஒப்பிட்டால் 24 லட்சம் அளவு.

இந்த மாற்றத்தைக் கேட்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். நேர அடிப்படைக் கட்டணம் முழு வீட்டுக்கும் பொருந்தும். மாலையில் சமையல், மின்விசிறி, ரீவி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓடும் அந்த நாலு மணி நேரம்தான் விலை உச்சம். தண்ணீர் மோட்டாரையும் இஸ்திரிப்பெட்டியையும் காலைக்கு மாற்ற முடிகிற வீட்டுக்கு இது இலாபம். மாலையில் இரண்டு ஏசி போடுகிற வீட்டுக்குக் காரில் மிஞ்சியது ஏசியில் போகும். உங்கள் பகுதி மின்சார சபை அலுவலகத்தில் கடைசி ஆறு மாதப் பில்லோடு போய், உங்கள் இணைப்புக்கு அந்தக் கட்டணம் கிடைக்குமா, மீற்றர் மாற்ற என்ன செலவு, இன்றைய மூன்று விலையும் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று எண்ணும் இல்லாமல் மின்சாரக் காருக்கு முற்பணம் கட்டாதீர்கள்.

மின்சாரம் எரிபொருள் நெருக்கடியிலிருந்து முழுதாகக் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். நிலக்கரியும் எரிபொருளும் டொலரில்தான் வருகின்றன. 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் ஏறியது. ரூபா விழுந்தால் பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்தே ஏறும், மின்சாரம் சில மாதம் பிந்தி ஏறும். ஆகவே பெற்றோல் 600 என்று சோதிக்கும்போது மின்சாரத்தை இன்றைய விலையிலேயே விட்டுவிடாமல் அதையும் இரண்டு மடங்காக்கிப் பாருங்கள்.

கூரையில் சோலர் இருக்கிற வீட்டுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் பகலில் கார் மட்டக்களப்பில் நிற்கும், சோலர் களுவாஞ்சிகுடியில் உற்பத்தி செய்யும். பகலில் சபைக்குக் கொடுத்து இரவில் எடுக்கிற ஒப்பந்தத்தின் விலைதான் உங்கள் காரின் எரிபொருள் விலை. இன்னொன்று, பற்றரி இல்லாத சாதாரண சோலர் இன்வேட்டர் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியான நாளிலும் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியது 10 யூனிட்தான், மூன்று நாலு மணி நேரம் கரண்ட் இருந்தால் ஏறிவிடும். அந்த வகையில் மின்சாரக் கார் 2022ஐ ஒத்த காலத்தைப் பெற்றோல் காரைவிட நன்றாகவே சமாளிக்கும்.

படி 4: மேலதிக விலைக்கு ஒரு உச்ச வரம்பு போடுங்கள்

இப்போது கையில் மூன்று மிச்சத் தொகை இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்குப் பெற்றோல் 300 ரூபா என்ற விலை மட்டத்தில் பெற்றோல் காரை விட்டு ஹைபிரிட்டுக்குப் போனால் பத்து வருடத்தில் 11 லட்சம் மிச்சம். மின்சாரக் காருக்குப் போனால் மேல் படிக் கட்டணத்தில் 16 லட்சம், இரவுக் கட்டணத்தில் 24 லட்சம். விலைகள் எல்லாம் ஒன்றரை மடங்கானால் இந்த மிச்சமும் ஒன்றரை மடங்காகும்.

இதைக் கொண்டுபோய்க் காட்சியறை விலைகளோடு வையுங்கள். ஒத்த அளவுள்ள பெற்றோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் விலை வித்தியாசம் 15 லட்சம் என்று எடுப்போம். கையில் காசு இருந்தால் கணக்கு சரிவரும் போலத் தெரியும். அதே 15 லட்சத்தை 14 வீத வட்டியில் ஐந்து வருட லீசிங்கில் எடுத்தால் மாதம் 34,900 ரூபா, மொத்தம் 21 லட்சம் கட்ட வேண்டும். மேல் படிக் கட்டணத்தில் சார்ஜ் ஏற்றுகிறவருக்கு 16 லட்சம் மிச்சம் பிடிக்க 21 லட்சம் செலவு. இரவுக் கட்டணம் கிடைத்தவருக்கு மூன்று லட்சம் மிஞ்சும், பற்றரியில் ஒரு பிழை வந்தால் அதுவும் போய்விடும்.

ஆகவே விதி இப்படி: மேலதிக விலையையும் அதன் வட்டியையும் கூட்டினால் வரும் தொகை, இன்றைய விலை மட்டத்தில் கிடைக்கும் பத்து வருட மிச்சத்தின் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. மிச்சக் கால் பங்கு பழுதுக்கு. பெற்றோல் ஏறினால் இலாபம் என்று நம்பிக்கொண்டு இந்த வரம்பைத் தாண்டாதீர்கள். பத்தாவது வருடத்தில் விற்கும் விலையையும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை இறக்குமதித் தடையால் பழைய கார்களின் விலை ஏறியது. அதைப் பார்த்து ‘கார் விலை இறங்காது’ என்று பழகிப்போனவர்கள் பலர். தடை இல்லாத சந்தையில் பத்து வருடப் பழைய கார் அப்படி நடக்காது.

பெற்றோல் கார் பத்து வருடத்தில் பாவிக்க முடியாமல் போய்விடுமா என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லலாம். 2024இல் உலகில் விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சாரத்தில் சார்ஜ் ஏறுகிறவை. மாற்றம் உண்மைதான். ஆனால் இந்த நாட்டில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஓடும் வரை கிரான், மண்டூர், திருக்கோவில் எங்கும் பெற்றோல் செட் மூடாது. மாற்றத்தின் அழுத்தம் வருவது வேறு வழியில்: மீள்விற்பனை விலை இறங்கும், வரி முறை மாறும். பத்து வருடமும் தானே ஓட்டப்போகிறவரை இந்த இரண்டும் குறைவாகவே தாக்கும்.

படி 5: வீட்டில் சார்ஜ் ஏற்றும் வசதியைக் கார் வருமுன் சரிபாருங்கள்

7 கிலோவாற் சார்ஜர் தருகிறோம் என்பது கேட்க நன்றாக இருக்கும். அது 32 அம்பியர் இழுக்கும். எங்கள் வீடுகளில் பெரும்பாலானவை 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. பிரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்தால் மெயின் சுவிட்ச் விழும். மூன்று கட்ட இணைப்புக்கு மாறப் பெருஞ்செலவு.

உண்மையில் அது தேவையும் இல்லை. தினம் 60 கிலோமீற்றருக்கு 10.2 யூனிட். 16 அம்பியர், அதாவது 3.7 கிலோவாற் சார்ஜரில் மூன்று மணி நேரத்துக்குள் ஏறும். காரோடு வரும் 10 அம்பியர் கையடக்கச் சார்ஜரில்கூட நாலரை மணி நேரம். இரவு 10.30க்கும் 5.30க்கும் இடையில் ஏழு மணி நேரம் இருக்கிறது.

16 அம்பியர் சார்ஜருக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுப்பியுங்கள். வீட்டிலுள்ள சாதாரணப் பிளக்கில் பல மணி நேரம் தொடர்ந்து ஏற்றினால் பிளக்கின் பின்பக்கத் திருகு சூடாகி, இறுகியது தளர்ந்து, கடைசியில் கருகும். பிளக் முகப்பு மஞ்சளாவதும் பிளாஸ்ரிக் மணமும்தான் முதல் அறிகுறி. 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், 20 அம்பியர் எம்சிபி, தனியான 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். சார்ஜர் நிற்கும் இடம் போர்டிலிருந்து 25 மீற்றருக்கு மேல் தூரம் என்றால் 6 சதுர மில்லிமீற்றர் போடச் சொல்லுங்கள்.

எங்கள் கரையோரத்துக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, அக்கரைப்பற்று எல்லாம் மணல் நிலம். காய்ந்த மணலில் எர்த் பிடிக்காது. மாரியில் நன்றாகச் சார்ஜ் ஏறிய கார், கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி மாதத்தில் திடீரென்று சிவப்பு விளக்குக் காட்டி ஏற்ற மறுக்கும். சார்ஜர் பழுது என்று பெட்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள். பிழை எர்த்தில் இருக்கும். மின்கலைஞரிடம் எர்த் அளவுக் கருவியால் வெயில் காலத்தில் அளக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கம்பியை ஈரமண் தட்டும் ஆழம் வரை இறக்கி, இரண்டாவது கம்பியையும் சில மீற்றர் தள்ளி அடித்து இணைக்க வேண்டும். எர்த் வயரை நியூட்ரலோடு இணைத்துவிட்டு ‘இப்போது ஏறுகிறது’ என்று காட்டுகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

படி 6: பற்றரியை அதன் பத்தாவது வயதில் கற்பனை செய்யுங்கள்

வழமையான பற்றரி உத்தரவாதம் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அது. கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே போனால்தான் பொறுப்பு. எங்கள் குடும்பம் எட்டாவது வருடத்தில் 1,40,000 கிலோமீற்றரில் நிற்கும். அதாவது கடைசி இரண்டு வருடம் உத்தரவாதம் இல்லாத ஓட்டம்.

45 யூனிட் கொள்ளும் பற்றரியை எடுப்போம். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கமாக விட்டால் 36 யூனிட், 240 கிலோமீற்றர். களுவாஞ்சிகுடியிலிருந்து தம்புள்ளை 193 கிலோமீற்றர். புதுக் காரில் தம்புள்ளைக்குப் போய், சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பலாம். கொள்ளளவு 75 வீதமாகும்போது அதே ஒதுக்கத்தோடு 180 கிலோமீற்றர்தான் வரும். தம்புள்ளை எட்டாது. ஹபரணையிலோ பொலன்னறுவையிலோ நிறுத்த வேண்டும், கொழும்புக்குள் நுழையுமுன் இன்னொரு முறையும் யோசிக்க வேண்டும். தினசரி 60 கிலோமீற்றருக்கு அந்தக் கிழட்டுப் பற்றரி தாராளம். பத்தாவது வருடத்தில் நெடும்பயணம்தான் சுருங்கும். வருடத்தில் மூன்று முறைக்கு இது பொறுக்கக்கூடியது. வாராவாரம் கொழும்பு போகிறவர் மின்சாரக் காரை இப்போதைக்கு விடுவது நல்லது.

வெப்பம்தான் பற்றரியின் முதல் எதிரி. பற்றரியைத் திரவத்தாலோ ஏசி வாயுவாலோ குளிரவைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய நிசான் லீப் கார்களில் அது இல்லை, காற்றிலேயே ஆற வேண்டும். எங்கள் வெயிலில் அவை வேகமாகத் தளர்ந்தன. மலிவாகக் கிடைத்தாலும் பத்து வருடத் திட்டத்துக்கு அவை வேண்டாம். அந்தக் காரின் மீற்றரில் 12 கட்டம் இருக்கும், முதல் கட்டம் அணையும்போதே கொள்ளளவு 85 வீதத்துக்கு இறங்கியிருக்கும். பாவித்த எந்த மின்சாரக் காரானாலும் கட்டத்தை நம்பாமல் ஸ்கானர் போட்டு, பற்றரியின் கொள்ளளவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் `SOH` என்ற வீதத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். சார்ஜ் வாயும் முக்கியம். இனி வரும் வேக சார்ஜர்கள் பெரும்பாலும் சிசிஎஸ்2 வகை. பழைய யப்பானியக் கார்களின் சாடெமோ வாய்க்கு இடம் தேடி அலைய வேண்டிவரும்.

புதிதாக வாங்கினால் இரும்புப் பொஸ்பேற் வகைப் பற்றரியைத் தெரிவுசெய்யச் சொல்வோம். அதன் சார்ஜ் சுற்று ஆயுள் கூட. வாரம் ஒருமுறை முழுதாக ஏற்றச் சொல்வார்கள், அதைச் செய்யாவிட்டால் மீற்றர் காட்டும் வீதம் பிழைக்கும். 20 வீதம் என்று காட்டிவிட்டுச் சடுதியாக விழும். நிக்கல் வகையில் இதற்கு எதிர்மாறு, தினசரி 80 வீதத்தோடு நிறுத்த வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் ஓட்டாதீர்கள்.

வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை. கார்த்திகை, மார்கழியில் வீதிக்கு மேல் தண்ணீர் ஓடும் ஊர் இது. பற்றரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டதுதான், ஆனால் அந்த அடைப்பு புதுக் காரின் அடைப்பு. பத்து வருட உப்புக் காற்றில் அடிப்பக்க ஆணிகள் துருப்பிடித்த பிறகு அதே நம்பிக்கையை வைக்க முடியாது. தண்ணீர் கதவின் அடிவிளிம்பை எட்டும் என்றால் காரை அதற்குள் இறக்காதீர்கள். கார் வெள்ளத்தில் நின்றுவிட்டால், தண்ணீர் வடிந்ததும் சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, மின்காப்பு அளந்த பிறகே தொட வேண்டும்.

படி 7: ஹைபிரிட் என்று முடிவானால்

எங்கள் களுவாஞ்சிகுடிக் குடும்பம் லீசிங்கில் வாங்குகிறது, நேர அடிப்படைக் கட்டணமும் அவர்களின் மாலைச் செலவுக்கு ஒத்துவரவில்லை என்றால், விடை முழு ஹைபிரிட்தான். கையில் காசு, இரவுக் கட்டணம் அல்லது சோலர் இரண்டும் இருந்தால் மின்சாரக் கார். நடுவில் நிற்பவர்களுக்கு இரண்டுமே பிழையில்லை.

பாவித்த ஹைபிரிட் வாங்கும்போது வயதைக் கூட்டிப் பாருங்கள். இன்று பத்து வயதுள்ள கார் உங்கள் திட்டம் முடியும்போது இருபது வயது. ஒரு பற்றரி மாற்றம் நிச்சயம், அதன் இன்றைய விலையை இரண்டு இடத்தில் கேட்டு, காரின் விலையிலேயே கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது திரையில் பற்றரிக் கட்டங்களைக் கவனியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் நிறைந்து, அதே வேகத்தில் வடிந்தால் பற்றரி களைத்துவிட்டது. ஸ்கானரில் பற்றரியை மாற்றச் சொல்லும் `P0A80` என்ற பிழைக் குறி வந்தால் பேச்சே வேண்டாம். பழுதான ஓரிரு செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். பழைய செல்களோடு புதுச் செல் ஒத்துப்போகாது, சில மாதத்தில் பக்கத்துச் செல் விழும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது பின் இருக்கைப் பக்கமுள்ள காற்று வாயைச் சுத்தமாக வைத்திருப்பது. பற்றரியைக் குளிரவைக்கும் விசிறி அந்த வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. மணலும் சேலை நூலும் தலைமுடியும் அங்கே அடைந்துவிடும். பயணப் பையை அதன் மேல் சாத்தி வைப்பதும் அதே கேட்டைச் செய்யும். 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றித் துப்புரவு செய்யுங்கள். விசிறிச் சத்தம் வழமையைவிட உரக்கக் கேட்டால் அதற்கும் முன்னரே செய்யுங்கள்.

முற்பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் மூன்று பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிழக்கில் எந்த ஊரில் உங்கள் காரின் உயர் மின்னழுத்தப் பகுதியைத் திறக்கக்கூடிய பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார்? ஒரு சேர்விஸைத் தவறவிட்டால் பற்றரி உத்தரவாதம் செல்லுமா? கார் நின்றுவிட்டால் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஏற்றிச் செல்லும் 312 கிலோமீற்றருக்கு யார் பணம் கட்டுவது? மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் தர மறுத்தால் அந்தச் செலவையும் காரின் விலையோடு கூட்டி, படி 4இன் வரம்பை மறுபடி பாருங்கள்.